மே மாதப் பயணத்துக்கு ஜார்ஜெட்டா, கிரேப்பா, பட்டா?

கேள்வி: மே மாதம் கும்பகோணத்தில் உறவினர் திருமணம். திருமங்கலத்திலிருந்து வேனில் போகிறோம், ஏசி கிடையாது. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம். என்னிடம் பாலியஸ்டர் ஜார்ஜெட், கிரேப், பட்டு எல்லாம் இருக்கின்றன. பாலியஸ்டர் கட்டினால் வேர்த்துக் கொட்டும், பட்டுதான் உடம்புக்கு நல்லது என்கிறார் மாமியார். காற்றோட்டம், பயணம், துவைப்பு மூன்றையும் வைத்துப் பார்த்தால் எதைக் கட்டுவது?

பதில்:

உங்கள் மாமியார் சொல்வது முகூர்த்த நேரத்துக்குச் சரி, வேன் பயணத்துக்குச் சரியில்லை. வேனில் ஜார்ஜெட், மாலை வரவேற்புக்குக் கிரேப், காலை முகூர்த்தத்துக்குப் பட்டு, திரும்பும்போது மறுபடியும் ஜார்ஜெட் அல்லது ஒரு பருத்திச் சேலை என்பது என் யோசனை. நான் துணிநுட்பம் படித்துவிட்டுச் சில காலம் சாயப்பட்டறையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன்; இப்போது மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு சேலைக் கடைக்குக் கொள்முதல் பார்க்கிறேன். இதே வழக்கு கடையில் மாமியார் மருமகள் இருவருக்கும் நடுவே அடிக்கடி வருவதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டும். பட்டும் பாலியஸ்டரும் இழையின் பெயர்கள். ஜார்ஜெட்டும் கிரேப்பும் நூலை முறுக்கி நெய்யும் விதத்தின் பெயர்கள். எனவே பட்டு நூலிலும் ஜார்ஜெட் உண்டு, கிரேப் உண்டு. மைசூர்ப் பட்டு என்று நாம் வாங்குவது பட்டு நூலில் நெய்த கிரேப் துணிதான். நீங்கள் கிரேப் என்று சொல்லும் சேலை சூரத்திலிருந்து வரும் பாலியஸ்டராக இருந்தால் நான் கீழே எழுதுவது அப்படியே பொருந்தும். அது யாரோ பரிசாகக் கொடுத்த மைசூர்ப் பட்டாக இருந்தால் துவைப்பில் முற்றிலும் வேறு விதி. வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜார்ஜெட், கிரேப் இரண்டுக்கும் உயிர் முறுக்கில் இருக்கிறது. ஒரு மீட்டர் நூலில் ஆயிரக்கணக்கான சுற்று வரும் அளவுக்கு இறுக்கமாக முறுக்கி, ஒரு பகுதி நூலை வலப்பக்கமும் மறு பகுதியை இடப்பக்கமும் முறுக்கி, இரண்டிரண்டாக மாற்றி மாற்றி வைத்து நெய்கிறார்கள். முறுக்கிய நூல் பிரிந்துகொள்ளத் துடிக்கும். எதிரெதிர்த் திசையில் துடிக்கும் நூல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் துணியின் முகம் சிறு சிறு மணலாகச் சுருங்கி நிற்கிறது. ஜார்ஜெட்டில் நீளவாக்கில் ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை இரண்டுமே இப்படி முறுக்கிய நூல்; கிரேப்பில் பெரும்பாலும் ஊடை மட்டும்தான், பாவு நூல் முறுக்கு குறைவாக இருக்கும். இதனால் ஜார்ஜெட்டில் நூலுக்கும் நூலுக்கும் இடையே கண் திறந்திருக்கிறது, தொட்டால் சொரசொரப்பு தெரிகிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரல் தெரிகிறது. கிரேப்பில் பாவு நெருக்கமாகப் படுத்திருப்பதால் துணி வழுவழுப்பாகவும் கனமாகவும் இறங்குகிறது, காற்று வழி குறைகிறது. ஆகவே இரண்டும் ஒரே பாலியஸ்டராக இருந்தாலும் கோடைக்கு ஜார்ஜெட் ஒரு படி மேல். கடையில் இதைச் சோதிக்க எளிய வழி, ஒற்றை மடிப்பை வாயருகே வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கையில் காற்று படுகிறதா என்று பார்ப்பது. விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அடுத்தது இழை. இங்கேதான் உங்கள் மாமியார் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. நன்றாக உலர்த்திய 100 கிராம் பட்டை இயல்பான ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால் அது சுமார் 11 கிராம் நீரை ஆவியாக இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 கிராம் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வெறும் 0.4 கிராம். தோலுக்கு அருகில் வேர்வையால் ஈரம் ஏற ஏறப் பட்டு இன்னும் குடிக்கிறது, 20 கிராமுக்கு மேல் ஏறினாலும் தொடுவதற்கு நனைந்ததாகத் தெரியாது. பாலியஸ்டர் இழைக்குள் நீருக்கு இடமே இல்லை. உங்கள் சேலைகளுக்கே கணக்குப் போடலாம். ரவிக்கைத் துணியோடு 6.3 மீட்டர் நீளம், ஏறக்குறைய 1.1 மீட்டர் அகலம் என்றால் சேலை 7 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 கிராம் உள்ள ஜார்ஜெட் மொத்தம் 420 கிராம் எடை வரும், அது தன் இழைக்குள் வைத்திருக்கும் நீர் 2 கிராம்கூட இல்லை. சரிகையை நீக்கி 500 கிராம் பட்டு நூல் உள்ள ஒரு சேலை 55 கிராம் நீரை வைத்துக்கொண்டும் உலர்ந்த சேலையாகவே இருக்கும். காற்றோட்டம், பயணம், துவைப்பு என்று நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் உடம்பு குளிர்வது துணி நீரைக் குடிப்பதால் மட்டும் நடப்பதில்லை. வேர்வை ஆவியாகி வெளியேற வேண்டும், அதற்குக் காற்று ஓட வேண்டும். காற்று நன்றாக ஓடும் இடத்தில் ஜார்ஜெட்டின் திறந்த கண்கள் வழியாக ஆவி நேரே வெளியேறிவிடுகிறது, இழை குடிக்கிறதா இல்லையா என்பது பெரிய பொருட்டாக இருப்பதில்லை. காற்று நின்றுவிட்ட இடத்தில் நிலைமை தலைகீழ். அங்கே ஆவி போக வழியின்றித் தோலருகே தேங்குகிறது. பட்டு அதை வாங்கிக்கொள்கிறது, பாலியஸ்டர் வாங்குவதில்லை. சிறிது நேரத்தில் துணி தோலோடு ஒட்டிப் பிசுபிசுக்கிறது. கடையில் ஒரே சேலையைப் பற்றி ஒருவர் ‘காத்தாட இருக்கு’ என்றும் இன்னொருவர் ‘புழுங்குது’ என்றும் சொல்வதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். முதலாமவர் வண்டியில் போயிருப்பார், இரண்டாமவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். மதுரை வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில், வேர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். காவிரிக் கரையில் இருக்கும் கும்பகோணத்தில் காற்றில் ஈரம் கூடுதல், அங்கே பாலியஸ்டரின் குறை இன்னும் சீக்கிரம் தெரியும்.

பட்டுக்கும் இதில் ஒரு குறை உண்டு, அதைப் பட்டுக்காரர்கள் சொல்வதில்லை. காஞ்சிபுரம் வகைச் சேலையில் பல நூல்களைச் சேர்த்து முறுக்கி நெருக்கமாக நெய்கிறார்கள், அகலமான கரையிலும் முந்தானையிலும் சரிகை. சரிகை என்பது நூலைச் சுற்றிய உலோகத் தகடு. அது நீரைக் குடிக்காது, காற்றையும் விடாது. முந்தானை முழுக்கச் சரிகை ஓடும் சேலையைத் தோளில் மடித்துக் குத்தினால் அந்த இடத்தில் நீங்கள் பட்டு கட்டியிருக்கிறீர்கள் என்பதற்கு அர்த்தமில்லை. பட்டு குளிர்ச்சி என்ற பேச்சு மெல்லிய, சரிகை குறைந்த பட்டுக்கு நன்றாகப் பொருந்தும். கனத்த கல்யாணப் பட்டுக்குப் பாதிதான் பொருந்தும். இங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இழையின் நீர்க்கணக்கும் நெசவின் காற்று வழியும்தான். அவற்றால் ஒருவருக்கு எவ்வளவு சுகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ளவர்களுக்கு எந்தச் சேலையும் சூடாகத் தெரியலாம், மெலிந்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருக்கலாம். பாலியஸ்டர் கட்டினால் அரிப்பு வருகிறது என்பவர்களுக்கும் பல நேரம் காரணம் இழையாக இருப்பதில்லை, நனைந்த துணியின் உரசலாகவோ சரியாகக் கழுவப்படாத சாயமாகவோ இருக்கும். இரண்டு முறை அலசியும் அரிப்பு நிற்கவில்லை என்றால் அது தோல் மருத்துவர் பார்க்க வேண்டியது.

சேலையை விட முக்கியமான ஒன்றை உங்கள் கேள்வி தொடவே இல்லை. சேலையின் பெரும்பகுதி உங்கள் தோலைத் தொடுவதில்லை. கொசுவம் முன்னால் தள்ளி நிற்கிறது, முந்தானை ரவிக்கை மேல் போகிறது. உடம்போடு ஒட்டி நாள் முழுக்க இருப்பவை உள்பாவாடையும் ரவிக்கையும்தான். ஜார்ஜெட் மெல்லியது, உள்ளே தெரியும் என்பதால் பலர் அதற்குப் பளபளக்கும் சாட்டின் பாவாடையோ, இப்போது பரவலாக விற்கும் இறுக்கமான ஷேப்வேரோ அணிகிறார்கள். இரண்டும் பெரும்பாலும் பாலியஸ்டரோ நைலானோதான், கண் அடைத்த துணிகள். அவற்றைப் போட்டுக்கொண்டு ஜார்ஜெட்டைக் குறை சொல்வது நியாயமில்லை. சேலையின் நிறத்திலேயே பருத்தி பாப்ளின் பாவாடை அணிந்தால், இடுப்பிலும் தொடையிலும் ஊறும் வேர்வையை அது வாங்கிக்கொள்கிறது, மேலே உள்ள ஜார்ஜெட் காற்றை விடுகிறது. ரவிக்கைக்கும் இதே கதை. ஜார்ஜெட் ரவிக்கைத் துணிக்குத் தையல்காரர்கள் கையில் கிடைக்கும் பாலியஸ்டர் லைனிங்கைக் கொடுத்துவிடுவார்கள். பருத்தி லைனிங் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதை ஒருமுறை நனைத்து உலர்த்திய பிறகு தைக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் டூ பை டூ துணியில் தைத்த ரவிக்கை ஒன்றைச் சேர்த்துக் கட்டிக்கொண்டால் போதும்.

இனி உங்கள் பயணத்தை எடுத்துக்கொள்வோம். திருமங்கலத்திலிருந்து மதுரை, திருச்சி, தஞ்சாவூர் வழியாகப் போனால் நிறுத்தங்களோடு ஐந்தாறு மணி நேரம் ஆகும். சன்னல் திறந்த வேனில் காற்று ஓடுகிறது, ஆகவே ஜார்ஜெட்டுக்கு இது நல்ல இடம். இந்த நேரத்தில் பட்டு கட்டினால் நடப்பது இதுதான்: இருக்கையின் ரெக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காற்று இல்லை, வேர்வையைப் பட்டு குடிக்கிறது, ஈரமான பட்டிழையின் உள்கட்டு தளர்கிறது, உங்கள் உடல் எடையில் மடிந்தபடியே அது மறுபடி உலர்ந்து இறுகுகிறது. இறங்கும்போது பின்பக்கம் விசிறி போல மடிப்புகள் நிற்கும். உதறினாலும் போகாது, பாலிஷுக்குக் கொடுத்தால்தான் போகும். பாலியஸ்டருக்கு ஈரத்தால் தளர்ச்சி இல்லை. சுமார் 70 முதல் 80 டிகிரி வெப்பத்தில்தான் அதன் உருவம் இளகும். வேன் இருக்கை அந்தச் சூட்டுக்கு வராது. அதனால்தான் ஆறு மணி நேரம் உட்கார்ந்த ஜார்ஜெட்டை எழுந்து இரண்டு தட்டுத் தட்டினால் மடிப்பு போய்விடுகிறது. ஜார்ஜெட்டுக்குப் பயணத்தில் ஆபத்து வேறு வகை, அது கொக்கிகளில் மாட்டும். இருக்கையின் ஆணி, பையின் ஜிப், கல் வைத்த வளையல் ஆகியவற்றில் ஒரு நூல் மாட்டி இழுபட்டால் அந்த இடத்தில் துணி கோடாகச் சுருங்கும். உடனே இழுத்து அறுக்காமல், துணியைக் குறுக்காகவும் நெடுக்காகவும் மெல்ல இழுத்துவிட்டால் பெரும்பாலும் நூல் உள்ளே போய்விடும்.

பெட்டியில் வைப்பதிலும் இதே வேறுபாடு தொடர்கிறது. கிரேப்பை மடிப்பதற்குப் பதில் நீளவாக்கில் நான்காக்கி ஒரு துண்டின் மேல் வைத்துச் சுருட்டிவிடுங்கள். எடுத்த எடுப்பில் கட்டலாம், இஸ்திரிப் பெட்டி தேட வேண்டாம். வரவேற்பு மண்டபத்தில் ஏசி இருந்தால் கிரேப் காலோடு ஒட்டிக்கொண்டு கொசுவம் பிரியாமல் தொல்லை தரும். ஏசிக் காற்று வறண்டது, பாலியஸ்டரில் ஈரம் இல்லை, ஆகவே உரசலில் பிறக்கும் மின்னேற்றம் வடிய வழியில்லை. பருத்திப் பாவாடை இருந்தாலே பாதி குறையும். மீதிக்குக் கையை நனைத்து உதறிவிட்டுப் பாவாடையின் மேல் ஒருமுறை தடவிக்கொள்ளுங்கள். பட்டைப் பழைய பருத்தி வேட்டியில் பொதிந்து, பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கடையில் மடித்துத் தந்த அதே மடிப்பில் சரிகை பல மாதம் இருந்தால் அந்தக் கோட்டிலேயே அது முறியத் தொடங்கும், எனவே இந்தப் பயணத்தைச் சாக்காக வைத்து மடிப்பை மாற்றி மடியுங்கள்.

முகூர்த்தத்துக்குப் பட்டு என்று நான் சொல்வதற்குக் கௌரவத்தைத் தவிர இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன காற்றில்லாத கூட்டம். அதிகாலை வெப்பம் குறைவு, உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு மணி நேரம், சுற்றிலும் ஆட்கள். பட்டின் நீர்க்கொள்ளளவு பயன்படும் இடம் இதுதான். மற்றொன்று நெருப்பு. இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பாலியஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகும். தீப்பற்றினால் உருகிய குழம்பு தோலில் ஒட்டிக்கொண்டு தீக்காயத்தை ஆழமாக்கும். மெல்லிய ஜார்ஜெட் முந்தானை காற்றில் பறந்து விளக்கையோ ஹோமகுண்டத்தையோ தொடுவதற்கு ஒரு நொடி போதும். பட்டு எளிதில் பற்றுவதில்லை, பற்றினாலும் பெரும்பாலும் கருகித் தானே அணையும், உருகி ஒட்டாது. பட்டுக்குத் தீப்பிடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. முந்தானையைச் செருகிக்கொள்வது எந்தச் சேலைக்கும் பொருந்தும். ஆனால் ஹோமத்துக்கு அருகில் உட்காரும் உறவு முறையில் நீங்கள் இருந்தால் பாலியஸ்டர் வேண்டாம். பந்தியில் பரிமாறவோ அடுப்படியில் நிற்கவோ போவதானாலும் அதேதான்.

முகூர்த்தம் முடிந்து வேனில் ஏறுவதற்கு முன் பட்டை மாற்றிவிடுங்கள். மாற்றியதும் பெட்டிக்குள் திணிக்காமல், அறையில் ஒரு கொடியில் விரித்து மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டு மடியுங்கள். வேர்வையில் உப்பு இருக்கிறது, நேரம் ஆக ஆக அது காரத்தன்மையும் பெறுகிறது. இரண்டும் பட்டின் புரதத்தையும் சாயத்தையும் அரிக்கும். பழைய பட்டு ரவிக்கைகள் முதலில் அக்குளில் கிழிவதும், சேலைகள் இடுப்புச் செருகலில் நைந்து போவதும் இதனால்தான். வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் இடுப்புப் பகுதியைப் பாருங்கள். வெள்ளையாக உப்புக் கோடோ வளையமோ தெரிந்தால் அந்த வாரத்திலேயே ட்ரை வாஷுக்குக் கொடுத்து, இடம் எது, கறை எது என்று காட்டிச் சொல்லிவிடுங்கள். அதன் மேல் இஸ்திரி போடுவதை மட்டும் செய்யாதீர்கள். சூடு பட்டால் கறை மஞ்சளாக நிலைத்துவிடும். கறை எதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு முறை கட்டியதற்கும் ட்ரை வாஷ் தேவையில்லை, நிழலில் காற்றாட விட்டால் போதும். வாசனைத் திரவியத்தைச் சேலை கட்டும் முன்பே அடித்துக் காயவிடுங்கள், அது சரிகையைக் கறுக்கச் செய்யும்.

சரிகைப் பட்டை வீட்டில் தண்ணீரில் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. சரிகை இல்லாத பட்டை அலசலாம் என்றாலும், ஓரத்தில் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தி, சாயம் ஒட்டவில்லை என்று பார்த்த பிறகே அலச வேண்டும். அதற்கும் வழக்கமான சலவைத்தூள் கூடாது. சலவைத்தூள் காரமானது, அதோடு இப்போது பல தூள்களில் முட்டைக் கறை, பால் கறை போன்ற புரதக் கறைகளைக் கரைக்கும் நொதி சேர்க்கிறார்கள். பட்டே புரதம்தான், நொதிக்குக் கறைக்கும் சேலைக்கும் வேறுபாடு தெரியாது. பட்டுக் கிரேப்பையும் பட்டு ஜார்ஜெட்டையும் எந்த நிலையிலும் வாளியில் போடாதீர்கள். பட்டிழை நீரைக் குடித்து உப்புகிறது. இறுக முறுக்கிய நூல் உப்பும்போது நீளத்தில் குறைகிறது, சேலை அகலத்திலும் நீளத்திலும் சுருங்கி, முகம் கரடுமுரடாகிவிடும். பாலியஸ்டர் ஜார்ஜெட் அப்படிச் சுருங்காததற்குக் காரணம், அது நீரைக் குடிப்பதில்லை, ஆலையிலேயே வெப்பத்தில் நிலைப்படுத்தப்பட்டும் வருகிறது. கோடையில் அதற்குக் குறையாக இருந்த அதே குணம் வாளியில் நிறைவாகிறது.

பாலியஸ்டர் சேலைக்கு ஒரு வாளி சாதாரணத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவ சோப்பு கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, இடுப்புப் பகுதியையும் கீழ் ஓரத்தையும் கையால் கசக்கி, இரண்டு முறை அலசினால் போதும். பிழியாமல் அப்படியே கொடியில் போடுங்கள், நிழலிலேயே சீக்கிரம் காய்ந்துவிடும், ஏனென்றால் நீர் நூல்களுக்கு இடையில் மட்டும்தான் இருக்கிறது. வெந்நீர் வேண்டாம், கொதிக்கும் நீரில் போட்டு முறுக்கிப் பிழிந்தால் அந்த முறுக்கலே பிடிவாதமான மடிப்பாக நின்றுவிடும், பிறகு அதை எடுப்பது கடினம். இஸ்திரி தேவைப்பட்டால் குறைந்த சூட்டில், உள்பக்கம் திருப்பி, அழுத்தாமல் போடுங்கள். பாலியஸ்டரில் நாற்றம் தங்குகிறது என்ற புகார் உண்மையானது. நீரை ஏற்காத இழை எண்ணெயை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. உடம்பின் எண்ணெய் அதில் படிந்து, வெறும் தண்ணீரில் அலசினால் போகாமல், அடுத்த முறை கட்டும்போது மீண்டும் மணக்கும். ஆகவே பயணம் முடிந்த ஜார்ஜெட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காமல் அன்றே சோப்பு நீரில் போட வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் மின்னேற்றத்தைக் குறைக்கும் என்றாலும், இழை மேல் படலமாகப் படிந்து வேர்வை பரவிக் காய்வதைத் தடுக்கும்; கோடைச் சேலைக்கு நான் அவற்றைச் சேர்ப்பதில்லை.

துவைத்தபின் ஜார்ஜெட்டின் கீழ் ஓரம் சுருக்கம் சுருக்கமாக நிற்கிறது, சேலை கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். சேலை சுருங்கியிருக்காது, உள்ளே தைத்த பருத்தி ஃபால்ஸ் சுருங்கி, சுருங்காத சேலையை இழுத்துப் பிடித்திருக்கும். தையலைப் பிரித்து, ஃபால்ஸைத் தேய்த்து, தளர்வாகத் திரும்பத் தைத்தால் சரியாகிவிடும். புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது ஃபால்ஸை ஒரு இரவு நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் கிரேப் எந்த இழை என்று பார்க்கும் முறை. சேலையின் வெட்டு ஓரத்தில் உள்பக்கமாக ஒரு பாவு நூலையும் ஓர் ஊடை நூலையும் தனித்தனியாக உருவிக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்ப்பது அவசியம், பாவு ஒன்றும் ஊடை வேறொன்றுமாகக் கலந்து நெய்த சேலைகள் சந்தையில் ஏராளம். சேலையைத் தூர வைத்துவிட்டு, ஒரு தட்டின் மேல் இடுக்கியால் நூலைப் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பட்டு முடி கருகும் நாற்றத்தோடு மெல்ல எரிந்து, தீயை எடுத்ததும் நின்று, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகி, கறுப்புப் புகை விட்டு, ஆறிய பின் நசுங்காத கெட்டி மணியாக நிற்கும். காகிதம் எரிவது போல மணந்து சாம்பலானால் அது மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ்; வேர்வையை வாங்கும், ஆனால் நனைந்தால் வலுவிழக்கும், பயணத்தில் கசங்கும். புதிதாகப் பட்டு வாங்குவதானால் மத்தியப் பட்டு வாரியத்தின் சார்பில் வழங்கப்படும் ‘சில்க் மார்க்’ அட்டை தொங்குகிறதா என்று பாருங்கள். அது இழை பட்டு என்பதற்கு மட்டும் உறுதி தரும், சரிகையின் தரத்துக்கு அல்ல. உங்கள் கிரேப்பில் உருவிய இரண்டு நூலும் மணியாக நின்றால் வரவேற்புக்குத் தயங்காமல் கட்டுங்கள். இரண்டும் பொடிந்தால் அதையே முகூர்த்தத்துக்கு வைத்துக்கொள்ளலாம்; கனத்த சரிகைப் பட்டை விட மே மாதத்துக்கு அது லேசானது, பெட்டியிலும் இடம் மிச்சம்.